கட்டி முடியாத ஆலையின் வட்டி

கடன் வாங்கி ஓர் ஆலையைக் கட்டுகிற கம்பெனி, ஆலை கட்டி முடிகிற வரையில் அந்தக் கடனுக்குக் கொடுக்கும் வட்டியை ஆலையின் அடக்க விலையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்பதும், முடிந்த பிறகு கொடுக்கும் வட்டியை அந்தந்த வருஷத்துச் செலவாகவே எழுத வேண்டும் என்பதும் கணக்கு எழுதுகிறவர்கள் வெகு காலமாக ஒப்புக்கொண்ட நியாயம். சல்லப்பள்ளி சர்க்கரை ஆலையின் வருமான வரி வழக்கில் உச்ச நீதிமன்றம் எழுபதுகளிலேயே இதை அங்கீகரித்தது. 2000-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நம் தேசத்துக் கம்பெனிகளுக்கு இதற்கென்றே பதினாறாவது கணக்குத் தரம் அமலுக்கு வந்தது. அதன் வாசகங்கள் சில பக்கங்களுக்குள் அடங்கிவிடும். ஆனால் அந்த வாசகங்களை ஒரு நிஜமான ஆலையின் மீது பொருத்தி, இந்தத் தேதியில் வட்டி சேரத் தொடங்கியது, இந்தத் தேதியில் நின்றது, இந்தத் தேதியில் மறுபடி தொடங்கியது, இந்தத் தேதியில் அடியோடு முடிந்தது என்று நான்கு தேதிகளை நிர்ணயம் செய்வதற்கு எவ்வளவு பிரயாசை வேண்டும் என்பதை, அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் பூமியில் எழும்பிக்கொண்டிருந்த ஒரு சிமெண்ட் ஆலையின் தணிக்கையில்தான் நான் முழுமையாக அறிந்துகொண்டேன்.

கம்பெனியின் பெயர் இங்கே அவசியமில்லை. அதற்கு வேறோர் இடத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த சிறிய ஆலை ஒன்று இருந்தது. அதன் லாபம் வருஷத்துக்கு மூன்று கோடி ரூபாயைத் தாண்டுவது அபூர்வம். புதிய ஆலைக்கு மொத்தம் 430 கோடி ரூபாய் மதிப்பிட்டு, அதில் 300 கோடியை வங்கிகளின் கூட்டுக் கடனாகவும் மிச்சத்தைச் சொந்த முதலாகவும் திரட்டத் திட்டமிட்டிருந்தார்கள். மூன்று கோடி லாபத்தின் பக்கத்தில் 300 கோடிக் கடனின் வட்டியை நிறுத்திப் பார்த்தால், அந்த வட்டியில் ஒரு மாதப் பங்கு ஆலை விலையில் சேருகிறதா, வருஷச் செலவில் விழுகிறதா என்பது கம்பெனியின் லாப நஷ்டத்தையே புரட்டிவிடக்கூடிய விஷயம் என்பது எவருக்கும் விளங்கும். கணக்குப் புத்தகத்தில் ஒரு தேதி நான்கு மாதம் தள்ளிப்போகும்போது அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கத்தான் செய்யும். அந்தக் காரணத்தைத் தேடுவதற்கு முன் தேதியைத் தேட வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்துப் பெரியவர் எனக்குக் கற்பித்த முறை.

ஆரம்பத் தேதியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். மூன்று நிபந்தனைகள் ஏககாலத்தில் பூர்த்தியாக வேண்டும்: ஆலைக்காகப் பணம் செலவாகியிருக்க வேண்டும், கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்க வேண்டும், ஆலையை உபயோகத்துக்குத் தயார் செய்யும் வேலை நடந்துகொண்டிருக்க வேண்டும். கம்பெனி 2006-ஆம் வருஷம் ஜூன் மத்தியில், ஓடுகிற ஆலையின் வங்கிக் கடனிலிருந்து 9 கோடி ரூபாய் எடுத்து நிலத்தைக் கிரயம் செய்திருந்தது. வட்டி விகிதம் 11 சதவீதம். கிரயப் பத்திரம் பதிவான தினத்திலிருந்தே வட்டியைத் திட்டச் செலவில் ஏற்றியிருந்தார்கள். முதல் இரண்டு நிபந்தனைகளும் அன்றே பூர்த்தியானவைதாம், மூன்றாவதுதான் இல்லை. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலைப் பார்த்தபோது, கிரயமான பிறகும் அந்தப் போகத்தில் பழைய சொந்தக்காரர்களே அங்கே சோளமும் பருத்தியும் பயிரிட்டு அறுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று தெரிந்தது. நிலத்தை வாங்கிச் சும்மா வைத்திருப்பது ஆலையைத் தயார் செய்யும் வேலையாகாது.

அப்படியானால் அடித்தளத்துக்கு மண் தோண்டிய தினத்தையே ஆரம்பமாகக் கொள்ளலாமா என்றால், என்னோடு வந்திருந்த இளைஞர் ஒருவர் அதைத்தான் வற்புறுத்தினார்; மண்வெட்டி விழாமல் கட்டுமானம் ஏது என்பது அவருடைய வாதம். தரம் அவ்வளவு கடுமையானது அன்று. கட்டுமானத்துக்கு முந்திய தொழில்நுட்ப வேலையும் அனுமதி பெறுவதற்கான நிர்வாக வேலையும் கூட அதில் அடங்கும். 2006-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்து மத்திய அரசின் அறிவிக்கையின்படி, இத்தகைய ஆலைக்குச் சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் கட்டுமானத்தைத் தொடங்கவே கூடாது. அதற்கான முதல் விண்ணப்பத்தைக் கம்பெனி அந்த டிசம்பர் மத்தியில் அனுப்பியிருந்தது. அதன் பிறகு காற்றையும் நிலத்தடி நீரையும் பரிசோதித்த நிபுணர்களின் பில்கள், கலெக்டர் தலைமையில் நடந்த பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, அமைச்சகத்தோடு நடந்த கடிதப் போக்குவரத்து என்று ஒரு சங்கிலி அறுபடாமல் இருந்தது. ஆகவே டிசம்பர் மத்தியே ஆரம்பம் என்று எழுதினோம். அதற்கு முந்திய ஆறு மாதத்து வட்டி, ஏறக்குறைய 50 லட்சம் ரூபாய், செலவுக் கணக்குக்குத் திரும்பியது. அந்த இளைஞர் சொன்னபடி செய்திருந்தால் பின்னும் ஓராண்டுக்கு மேற்பட்ட வட்டியை அநியாயமாகத் தள்ளியிருப்போம். தணிக்கையாளன் கம்பெனிக்கு விரோதமான தேதியைத் தேடுகிறவன் என்று சிலர் எண்ணுகிறார்கள். நிஜமான தேதியைத் தேடுகிறபோது அது சில சமயம் கம்பெனிக்கு அநுகூலமாகவும் அமையும் என்பதை நான் அந்த இளைஞருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

மறு வருஷம் ஒரு சிறிய விஷயம் அகப்பட்டது. அனுமதி கிடைத்ததும், 2008 ஜனவரியில் வங்கிகள் முதல் தவணையாக 40 கோடி கொடுத்தன. அதில் 22 கோடி காண்டிராக்டருக்கும் இயந்திரம் கொடுப்பவர்களுக்கும் முன்பணமாகப் போயிற்று. மிச்சம் 18 கோடியை இரண்டு மாதம் 8 சதவீத வட்டிக்கு டிபாசிட் போட்டு வைத்திருந்தார்கள். நாற்பது கோடிக்கும் கொடுத்த வட்டியை ஆலை விலையில் ஏற்றிவிட்டு, டிபாசிட்டில் கிடைத்த ஏறத்தாழ 24 லட்சத்தை ‘இதர வருமானம்’ என்று லாபத்தில் காட்டியிருந்தார்கள். ஆலைக்கென்றே வாங்கிய கடன் தற்காலிகமாகச் சும்மா இருந்தபோது சம்பாதித்த வருமானத்தைக் கொடுத்த வட்டியில் கழித்து, மிச்சத்தைத்தான் ஆலை விலையில் சேர்க்க வேண்டும். வங்கியின் ஸ்டேட்மெண்டையும் டிபாசிட் ரசீதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் தானாகவே தெரிகிற விஷயம். தலைமைக் கணக்கரும் மறு வார்த்தை சொல்லாமல் திருத்திக்கொண்டார்.

கஷ்டமெல்லாம் 2008-09 கணக்கில்தான். அந்த வருஷம் உலகத்துப் பணச் சந்தைகள் குழம்பிப் போயிருந்த வருஷம். வங்கிகள் கடன் கொடுப்பதில் கையைச் சுருக்கிக்கொண்ட வருஷம். வருஷ முடிவில் கூட்டுக் கடனில் 120 கோடி பாக்கி. வட்டி 12 சதவீதம். கணக்குப் பண்ணினால் தினம் ஒன்றுக்குச் சற்றேறக்குறைய 3 லட்சத்து 95 ஆயிரம் ரூபாய் வட்டி. ஞாயிற்றுக்கிழமையென்றும் மழை நாளென்றும் பார்க்காமல் அது ஏறிக்கொண்டே போகும். கம்பெனி வருஷம் பூராவுக்குமான வட்டியை ஆலை விலையில் சேர்த்திருந்தது. நானோ ஏப்ரல் மாதத்தில் ஸ்தலத்துக்குப் போனபோது, சிமெண்ட் கலவை இயந்திரத்தின் மேல் வேலிப்பருத்திக் கொடி படர்ந்திருந்ததையும், நிறுத்தி வைத்த கம்பிகள் துருவேறிச் செம்மண் நிறத்தில் நின்றதையும் கண்டேன். வேலை முனைப்பாக நடப்பது நீண்ட காலம் தடைப்பட்டால் அந்தக் காலத்து வட்டியைச் சேர்க்கக் கூடாது என்பது விதி. எப்போது தடைப்பட்டது என்பதுதான் கேள்வி.

தலைமைக் கணக்கரைக் கேட்டேன். பண்பான மனிதர், கூச்சமும் உள்ளவர். “மழைக்கு நாம் என்ன செய்ய முடியும், சார்? அக்டோபரில் பிடித்த மழை. மழையினால் வேலை நின்றால் வட்டியை நிறுத்த வேண்டியதில்லை என்று தரத்திலேயே இருக்கிறதே” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. அந்தப் பிரதேசத்தில் கட்டுமான காலத்தில் வழக்கமாக வருகிற இயற்கைத் தடையினால் வேலை தாமதமானால் வட்டியை நிறுத்த வேண்டியதில்லை; ஆற்றில் வெள்ளம் வந்து பாலத்து வேலை தாமதப்படுவதைத் தரமே திருஷ்டாந்தமாகக் காட்டுகிறது. வடகிழக்குப் பருவமழை அரியலூருக்குப் புதிதன்று. காண்டிராக்டரின் வேலை அட்டவணையிலேயே நவம்பர் மாதத்துக்குக் குறைந்த வேலையைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். அந்த வருஷம் நவம்பர் 27-ஆம் தேதி நிஷா புயல் காரைக்கால் அருகே கரையைக் கடந்து, டெல்டாப் பிரதேசம் முழுவதையும் வெள்ளக்காடாக்கிற்று. உயர்ந்த ப்ரீஹீட்டர் கோபுரத்துக்காகத் தோண்டியிருந்த பள்ளம் நிரம்பித் தண்ணீர் நின்றது. டிசம்பர் முதல் வாரம் வரை மழையைக் காரணம் காட்டுவது முற்றிலும் நியாயம் என்று நான் ஒப்புக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைக் கணக்கு அலுவலகத்தில் எவராலும் சொல்ல முடியவில்லை. கணக்கு அலுவலகத்துக்கு வருபவை பில்கள்; பில் தாமதமாக வரும், சில பில்கள் முந்திய மாதத்து வேலைக்குரியவையாக இருக்கும். பிப்ரவரியில் வந்த காண்டிராக்டரின் ரன்னிங் பில்லைக் காட்டி, “பாருங்கள், வேலை நடந்திருக்கிறது” என்றார்கள். அந்தப் பில்லோடு இருந்த அளவுப் புத்தகத்தைப் புரட்டினால் அதிலிருந்த அளவுகள் எல்லாம் அக்டோபர், நவம்பர் மாதங்களில் எடுத்தவை. பில்லின் தேதி வேறு, வேலையின் தேதி வேறு என்பதை இந்தத் தணிக்கையில் மறந்தவர் எதையும் கண்டுபிடிக்க மாட்டார்.

ஆகையால் ஸ்தலத்து ஆபீசுக்குப் போனோம். தகரக் கொட்டகை, நடுவில் ஒரு மேஜை, சுவர் முழுவதும் வரைபடங்கள். கான்கிரீட் போட்ட ஒவ்வொரு முறையும் ஓர் அட்டை எழுதி வைப்பது அங்கே வழக்கம்: தேதி, நேரம், எந்தத் தூணுக்கு அல்லது எந்தத் தளத்துக்கு, என்ன தரத்துக் கலவை, எத்தனை கன மீட்டர், பரிசோதனைக்கு எடுத்த கட்டிகளின் எண், காண்டிராக்டரின் ஆள் கையெழுத்து, கம்பெனிப் பொறியாளர் கையெழுத்து. அந்த அட்டைகளைக் கட்டுக் கட்டாக நூல் போட்டுக் கோத்து வைத்திருந்தார் ஸ்தலத்து குமாஸ்தா. கடைசி அட்டை டிசம்பர் 11-ஆம் தேதியிட்டது. பக்கத்தில் டீசல் வழங்கும் ரிஜிஸ்டர். கிரேனுக்கும் கலவை வண்டிக்கும் டிசம்பர் மத்தியோடு டீசல் நின்றுவிட்டது, தண்ணீர் இறைக்கும் பம்புக்கு மட்டும் ஜனவரி வரை கொடுத்திருந்தார்கள். காண்டிராக்டரின் மஸ்டர் ரோலில் அக்டோபர் ஆரம்பத்தில் 640 பேர், மழை நாட்களில் 85 பேர், பிப்ரவரியில் 11 பேர். அந்தப் பதினொருவரும் காவல்காரர்கள். வாசல் ரிஜிஸ்டரில் டிசம்பர் 17-ஆம் தேதியன்று காண்டிராக்டரின் இயந்திரங்கள் லாரியேறிப் போனது லாரி எண்ணோடு எழுதியிருந்தது. தனித்தனி மனிதர்கள் தனித்தனிக் காரியத்துக்காக எழுதிய நான்கு ரிஜிஸ்டர்களும் ஒரே கதையைச் சொன்னால், அதற்குமேல் சந்தேகப்படக் காரணமில்லை.

காரணமும் விரைவில் தெரிந்தது. சொந்த முதலில் கொண்டுவர வேண்டிய பங்கு வந்து சேராமையால் வங்கிகள் அடுத்த தவணையை நிறுத்திவிட்டன. பணம் வராமையால் காண்டிராக்டர் ஆட்களைத் திருப்பி அழைத்துக்கொண்டார். மழைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இவ்வளவு தெரிந்ததும் டிசம்பர் மத்தியிலிருந்தே வட்டியை நிறுத்திவிட வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் பிராஜெக்ட் மேனேஜர், எளிதில் கோபப்படாத ஒரு பெரிய மனிதர், எங்கள் குறிப்பைப் படித்துவிட்டு வேறொரு ரிஜிஸ்டரை எடுத்து வைத்தார். டிசைன் ஆலோசகர்களிடமிருந்து வந்த வரைபடங்களின் வரவு ரிஜிஸ்டர் அது. “பள்ளத்தில் தண்ணீர் நின்ற பிறகு மண்ணை மறுபடி சோதித்தோம். கோபுரத்துக்கும் சூளைக்கும் போட்டிருந்த அடித்தள டிசைன் தாங்காது என்று தெரிந்தது. ஆட்கள் இங்கே இல்லையென்றாலும் சென்னையில் பதினைந்து பொறியாளர்கள் ஜனவரி முடிய இதையே செய்துகொண்டிருந்தார்கள்” என்றார். பார்த்தேன். டிசம்பர், ஜனவரி இரண்டு மாதங்களிலும் அடித்தளத்தின் திருத்திய வரைபடங்கள் வாராவாரம் வந்திருந்தன; மண் பரிசோதனை அறிக்கையும் இருந்தது; ஆலோசகரின் பில்லில் ஆள்-மணிக் கணக்கும் அதற்கு ஒத்திருந்தது. கணிசமான தொழில்நுட்ப வேலை நடந்துகொண்டிருந்தால் வட்டியை நிறுத்த வேண்டியதில்லை என்பதும் தரத்தின் வாசகம்தான். ஜனவரி 31-ஆம் தேதி வந்த வரைபடத்துக்குப் பிறகு அந்த ரிஜிஸ்டரில் மே மாதம் வரை ஒரு பதிவும் இல்லை.

பிப்ரவரி முதல் நடந்ததாகக் கம்பெனி சொன்ன வேலை, வங்கிகளோடும் காண்டிராக்டரோடும் நடந்த பேச்சுவார்த்தை. டைரக்டர் ஒருவர் இதை மிகவும் அழுத்தமாக வாதாடினார்: அந்தப் பேச்சுவார்த்தை இல்லாவிட்டால் ஆலையே இல்லை, அதைவிட அவசியமான நிர்வாக வேலை என்ன இருக்க முடியும் என்று கேட்டார். கேள்வி அற்பமானதன்று, நான் இரண்டு இரவு யோசித்தேன். தரம் கணிசமான நிர்வாக வேலை என்று சொல்வது, ஆலையை உபயோகத்துக்குத் தயாராக்கும் வழியில் அதை ஒரு படி முன்னே நகர்த்துகிற வேலையை. அனுமதிக்காக அலைவது அப்படிப்பட்டது. அனுமதி இல்லாமல் ஆலை ஓடாது. பணம் தேடுவதோ, ஆலையை நகர்த்தும் சக்தியைத் தேடுவது. அதையும் சேர்த்துக்கொண்டால், பணமில்லாமல் நின்றுபோன எந்த ஆலைக்கும் வட்டி ஒருநாளும் நிற்காது. நிறுத்தும் விதியே பயனற்றுப் போகும். இந்த அபிப்பிராயத்தில் எங்கள் அலுவலகத்துப் பெரியவரும் நின்றார்.

மூன்றரை மாதம் நீண்ட காலமா என்ற கேள்வி மிஞ்சியது. தரம் எண்ணிக்கை எதையும் சொல்லவில்லை. மொத்தக் கட்டுமானம் முப்பது மாதம் என்று திட்டமிட்ட ஒரு வேலையில், ஆட்களும் இயந்திரங்களும் அப்புறப்பட்டு, திரும்பி வரும் தேதியும் நிச்சயமில்லாமல் நின்ற நூறு நாளைச் சிறு இடைவெளி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காண்டிராக்டர் மழையில் ஆளைக் குறைத்தபோது இயந்திரத்தை அங்கேயே விட்டிருந்தார். பணம் நின்றபோது இயந்திரத்தையும் எடுத்துக்கொண்டு போனார். இந்த வித்தியாசமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மறுபடி தொடங்கிய தேதியிலும் ஒரு தகராறு. வங்கிகள் ஏப்ரல் 20-ஆம் தேதி பணம் விட்டன. அன்றே தொடங்கியதாகக் கம்பெனி சொல்லிற்று. முதல் கான்கிரீட் அட்டையோ ஜூன் 2-ஆம் தேதியிட்டது. இரண்டையும் நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. மே 18-ஆம் தேதியிலிருந்து மஸ்டர் ரோலில் ஆட்கள் ஏறியிருந்தார்கள். பள்ளத்தில் மிச்சமிருந்த தண்ணீரை இறைத்து, கம்பித் துருவைத் தேய்த்து, வளைந்தவற்றை வெட்டி எறிந்து வேலை செய்திருக்கிறார்கள். கான்கிரீட் போடுவதற்கு இது அவசியமான முன்வேலை. ஆகவே வேலை அன்றே தொடங்கியது. பிப்ரவரி முதல் தேதியிலிருந்து மே 17 வரையில் 106 நாட்கள். அவற்றில் மார்ச் வரையிலான 59 நாட்களின் வட்டி, ஏறக்குறைய 2 கோடியே 33 லட்சம், அந்த வருஷத்துச் செலவில் விழுந்தது; மிச்சம் 47 நாட்களின் வட்டி, 1 கோடியே 85 லட்சம், அடுத்த வருஷத்துக்குப் போயிற்று. முதல் தொகையே 2008-09 லாபத்தில் பெரும் பகுதியை விழுங்கிவிட்டது. டைரக்டர்கள் மகிழவில்லை, ஆனால் ரிஜிஸ்டர்களின் நகலோடு நாங்கள் எழுதிய குறிப்பைப் படித்த பிறகு எவரும் தேதியை மறுக்கவில்லை.

முடிவுத் தேதி 2010-11 கணக்கில் வந்தது. போர்டு தீர்மானத்தின்படி 2011 ஜனவரி முதல் தேதி வியாபார உற்பத்தி தொடங்கியதாக அறிவித்து, டிசம்பர் முடிய 300 கோடிக்குமான வட்டியையும் ஆலை விலையில் சேர்த்திருந்தார்கள். தீர்மானம் போர்டு போடுவது. ஆலை தயாராவது போர்டைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. ஆலையை உபயோகத்துக்குத் தயாராக்கும் வேலைகளில் பெரும்பான்மையும் முடிந்த தினமே முடிவு என்கிறது தரம். அதோடு, தொடர்ச்சியான பல படிகளைக் கொண்ட ஆலையை முழுமையாகவே பார்க்க வேண்டும் என்றும், ஒரு பகுதி தனியாக உபயோகமாகுமானால் அந்தப் பகுதிக்கு வட்டியை முன்பே நிறுத்த வேண்டும் என்றும் அது சொல்கிறது.

சிமெண்ட் ஆலை முதல் வகையைச் சேர்ந்தது என்று கம்பெனி கொண்டது. கல் உடைத்து, மாவாக்கி, சூளையில் வேகவைத்துக் கிளிங்கர் ஆக்கி, ஜிப்சம் சேர்த்து அரைத்தால்தான் சிமெண்ட், ஒன்றில்லாமல் ஒன்றில்லை. பொதுவாக இது சரி. ஆனால் இந்த ஆலையில் கடைசிப் படியான அரவை ஆலையும் மூட்டை கட்டும் பகுதியும் 2010 மார்ச்சிலேயே முடிந்துவிட்டன. சூளை முடிய இன்னும் ஆறு மாதம் இருந்தது. கம்பெனி சும்மா இருக்கவில்லை. வேறோர் ஆலையிலிருந்து கிளிங்கர் வாங்கி, அரைத்து, மூட்டை கட்டி விற்றது. கலால் வரிக்காக அப்போது எழுதிவந்த தினசரி உற்பத்தி ரிஜிஸ்டரில் ஏப்ரல் மத்தியிலிருந்து சிமெண்ட் ஏறியிருந்தது. முதல் மாதத்தில் உற்பத்தி ஒரு நாள் இருந்து மறு நாள் இல்லாமல் தள்ளாடிற்று. அதைச் சோதனை ஓட்டம் என்று ஒப்புக்கொண்டேன். மே 16 முதல் தினமும் நின்று விளையாடியது. சூளை இல்லாமலே உபயோகமாகக்கூடியது, உபயோகமும் ஆயிற்று என்று வந்தபோது, அந்தப் பகுதிக்கு உரிய கடன் பங்கான 70 கோடியின் வட்டியை மே 15-உடன் நிறுத்தச் சொன்னோம். மாதத்துக்கு 70 லட்சமாக ஏழரை மாதம். 5 கோடியே 25 லட்சம்.

சூளைக்குத்தான் நேர்மையான அபிப்பிராய பேதம். ஆகஸ்ட் 20-ஆம் தேதி சூளைக்கு நெருப்பு வைத்தார்கள். புதிதாகக் கட்டிய சூளையின் உள்செங்கலை மெதுவாகச் சூடேற்றி உலர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாக மாவை உள்ளே விட்டு, கிளிங்கர் பதமாக வருகிறதா என்று பார்ப்பது வாரக்கணக்கில் நடக்கிற வேலை. அந்த வாரங்களின் வட்டியை மறுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் உத்தரவாதச் சோதனை டிசம்பர் வரை முடியவில்லை என்பதைக் காட்டி, அதுவரை ஆலை தயாரில்லை என்று கம்பெனி சொல்லிற்று. ஒரு கிலோ கிளிங்கருக்கு 720 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் செலவாகக் கூடாது என்று இயந்திரம் கொடுத்தவர் உத்தரவாதம் கொடுத்திருந்தார், ஓடியது 760-இல்.

நான் ஆய்வுக்கூடத்து ரசாயனரின் நோட்டுப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினேன். சூளையிலிருந்து மணிக்கொரு முறை கிளிங்கர் எடுத்து, அதில் சேராமல் மிஞ்சிய சுண்ணாம்பு எத்தனை சதவீதம் என்று அவர் எழுதி வைத்திருந்தார். ஆகஸ்ட் இறுதியில் அந்த எண் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே ஏறி இறங்கிற்று. வேகாத கிளிங்கர், அரைத்தால் சிமெண்ட் பொருமிவிடும். செப்டம்பர் மூன்றாவது வாரத்தில் இரண்டுக்கு இறங்கிற்று. செப்டம்பர் 25-க்குப் பிறகு ஒன்றரைக்கு மேல் போகவே இல்லை. கட்டுப்பாட்டு அறையின் பதிவில் அதே நாட்களில் சூளை தன் கொள்ளளவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் இடைவிடாது ஓடியிருந்தது. ஆலை தயாராகிவிட்டது, கொஞ்சம் அதிகம் நிலக்கரி தின்கிறது, அவ்வளவே. அதை 720-க்கு இறக்குவது வாங்கியவருக்கும் கொடுத்தவருக்கும் உள்ள ஒப்பந்த விவகாரம்; ஆலையை உபயோகத்துக்குத் தயாராக்குவதன் பாகம் அன்று.

செப்டம்பர் 30 என்று நாங்கள் எழுதிய குறிப்பு ஒரு வாரம் இழுபறியில் இருந்தது. அதற்குள் வருமான வரி ஒதுக்கீட்டுக்கான தேய்மானக் கணக்கு எங்கள் கைக்கு வந்தது. வருஷத்தில் 180 நாளுக்குக் குறைவாக உபயோகித்த இயந்திரத்துக்கு வரிச் சட்டம் பாதித் தேய்மானமே தருகிறது. முழுத் தேய்மானம் வேண்டுமானால் அந்த வருஷம் அக்டோபர் 3-ஆம் தேதிக்குள் உபயோகத்தில் இறங்கியிருக்க வேண்டும். அந்தக் கணக்கில் சூளைக்கு முழுத் தேய்மானம் எடுத்து, ‘உபயோகத்தில் இறங்கிய தேதி: 30.9.2010’ என்று எழுதி, ஆதாரமாக அதே ஆய்வுக்கூட நோட்டின் நகலை இணைத்திருந்தார்கள். வரித் துறையிடம் செப்டம்பர், பங்குதாரர்களிடம் ஜனவரி என்று ஓர் ஆலை இரண்டு தினங்களில் தயாராக முடியாது. அந்தத் தாளைத் தலைமைக் கணக்கர் முன் வைத்தபோது அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, சார், செப்டம்பரே இருக்கட்டும், நான் எம்.டி.யிடம் பேசுகிறேன்” என்றார்.

230 கோடிக்கு மூன்று மாத வட்டி, 6 கோடியே 90 லட்சம். அரவைப் பகுதியோடு சேர்த்து 12 கோடியே 15 லட்சம் ரூபாய் ஆலை விலையிலிருந்து செலவுக்கு வந்தது. அந்தத் தேதிகளிலிருந்தே புத்தகத் தேய்மானமும் கணக்கிட வேண்டியதாயிற்று. குறிப்பில், அந்த வருஷம் ஆலை விலையில் சேர்த்த வட்டி இவ்வளவு என்ற தொகையோடு, பகுதிவாரியாக நிறுத்திய தேதிகளையும் அச்சிடும்படி கேட்டோம். தரம் தேதிகளை வெளியிடுவதைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும் கம்பெனி அவற்றையும் சேர்த்து வெளியிட்டது. சொந்த மின் நிலையத்துக்காக அதே வளாகத்தில் அப்போது ஒரு பாய்லர் எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கென்று தனிக் கடன், தனிக் காண்டிராக்டர். தலைமைக் கணக்கர் அந்த வேலைக்குத் தனியே ஒரு நோட்டுப் போட்டு, கான்கிரீட் அட்டைகளின் நகலையும் மஸ்டர் ரோலின் நகலையும் மாதாமாதம் ஸ்தலத்திலிருந்து வரவழைத்து அதில் கோத்துவரத் தொடங்கியிருந்தார்.